கராம்பா, கிராம்பா? வாடிக்கையாளர் தட்டும் சொல்லைக் கண்டறிவோம்

கண்டி, மாத்தளை மாவட்டங்களின் வீட்டுத் தோட்டங்களில் விளையும் மிளகையும் கராம்பையும் சாதிக்காயையும் வாங்கி விற்கும் வியாபாரிகள் எம்மத்தியில் பலர். அவர்களுள் அக்குறணைப் பக்கத்து நண்பர் ஒருவர் தனது கடைக்கு இணையத்தளம் ஒன்றை அமைத்து, முகப்பில் "வாசனைத் திரவிய மொத்த வர்த்தகம்" என்று பொறித்திருந்தார். பெயர்ப்பலகைக்கு அது நல்ல வாசகம். ஆனால் கையில் இரண்டு கிலோ மிளகு வைத்திருப்பவர் "வாசனைத் திரவியம்" என்று தேடமாட்டார்; "மிளகு" என்றே தேடுவார். அந்தச் சொற்களைக் கண்டறிய நாம் இருவரும் கைக்கொண்ட வழியையே இங்கு தருகிறேன். இதற்குப் பணச் செலவில்லை.

கூகிளில் ஒரு சொல்லைத் தட்டத் தொடங்கியதும் கீழே ஒரு பட்டியல் விரிகிறதல்லவா? 2004 டிசம்பரில் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 2008இல் முகப்புப் பக்கத்துக்கு வந்த வசதி இது. மற்றவர்கள் உண்மையாகத் தேடியவற்றிலிருந்தே பட்டியல் உருவாகிறது. எனினும் தேடுபவரின் மொழி, நாடு, அவரது பழைய தேடல்கள் என்பவற்றுக்கேற்ப அது மாறும். எனவே முதலில் பிரவுசரில் தனிப்பட்ட சாளரத்தைத் திறந்து, google.com/?gl=lk&hl=ta என்ற முகவரிக்குச் செல்லுங்கள். உங்கள் சொந்தத் தேடல்களின் சாயல் குறையும். இலங்கையும் தமிழும் முன்னுக்கு வரும்.

இனி "மிளகு" என்று தட்டி ஓர் இடைவெளி விடுங்கள். வருவதைக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். பின்னர் "மிளகு இ", "மிளகு கொ", "மிளகு வி" என ஒவ்வோர் எழுத்தாகச் சேர்த்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் பட்டியல் புதிதாகும். இளைஞர் பலர் ஆங்கில எழுத்தில் தட்டுவதால் milagu vilai, milaku price போன்றவற்றையும் அவ்வாறே சோதியுங்கள்.

அடுத்து தேடலை நடத்திப் பக்கத்தின் அடிக்குச் செல்லுங்கள். அங்குள்ள தொடர்புடைய தேடல்கள் வேறு வகையானவை. மேலே விரியும் பட்டியல் நீங்கள் தொடங்கிய சொல்லைப் பூர்த்தி செய்யும். இதுவோ அச்சொல்லுக்குப் பக்கத்துச் சொற்களைக் காட்டும். நாம் கராம்பு என்பதைத் தமிழ்நாட்டார் கிராம்பு என்பர். நமது கறுவா அவர்களுக்குப் பட்டை. இத்தகைய இரட்டைப் பெயர்கள் பெரும்பாலும் இங்கேதான் அகப்படும். அவற்றில் ஒன்றைச் சொடுக்கி, அதன் அடியையும் பாருங்கள். இரண்டு மூன்று சுற்றுக்குப் பின் சமையல் குறிப்புக்கும் கைவைத்தியத்துக்கும் வழி விலகும். அங்கே நிறுத்திவிடலாம்.

சேர்ந்த சொற்களைத் தரம் பிரிப்பதே முக்கிய வேலை. "கிராம்பு பயன்கள்" என்று தேடுபவருக்கு வேண்டியது வைத்தியக் குறிப்பு. அவர் கடைக்கு வருவது அரிது. "மிளகு விலை" என்பது வேறு. எமது பகுதியில் அதைத் தட்டுபவர் வாங்க வந்தவர் என்று எண்ணிவிடக்கூடாது. தோட்டத்து மிளகை விற்க விலை பார்ப்பவராகவும் அவர் இருக்கலாம். நண்பர் தேடுவதும் அவரையே! ஆகவே பக்கத்தை இரண்டாகப் பிரித்தோம். ஒன்று "மிளகு வாங்குகிறோம்: இன்றைய கொள்விலை". இதில் திகதியும் விலையும் மாறிக்கொண்டே இருக்கவேண்டும். பழைய விலை கிடந்தால் வந்தவர் திரும்பிப் பாரார். மற்றையது சில்லறைப் பக்கற்றுகளுக்கானது. அதில் "கராம்பு" என்று தலைப்பிட்டு, "கிராம்பு என்றும் சொல்வர்" என ஒரு வசனத்தில் மற்றப் பெயரையும் சேர்த்தோம்.

இவ்வழிக்கு எல்லைகளும் உண்டு. பட்டியலில் ஒரு சொல் முதலாவதாக நின்றாலும் எத்தனை பேர் தேடினர் என்று அது சொல்லாது. இரு சொற்களை ஒப்பிட கூகிள் ட்ரென்ட்ஸில் இலங்கையைத் தெரிவு செய்து பார்க்கலாம். அதுவும் 0 முதல் 100 வரையான ஒப்பீட்டு அளவே. தேடல் குறைவான சொல்லுக்குப் போதிய தரவில்லை என்றே விடை வரும். "அக்குறணை மிளகு விலை" போன்ற சிற்றூர்த் தொடர்கள் பட்டியலில் வராமலே போகலாம். அதனால் அப்படித் தேடுவார் எவருமில்லை என்று முடிவு கட்டவேண்டாம். ஊர்ப்பெயரை நீங்களாகவே சேருங்கள். அக்குறணை, அக்குரணை என இரு விதமாகவும் எழுதுவோர் உண்டென்பதையும் மறவாதீர்கள்.

தெரிந்த சொற்கள் சரியா என்பதைச் சில வாரங்களின் பின் சேர்ச் கொன்சோல் என்ற கூகிளின் இலவசக் கருவி காட்டும். எந்தெந்தச் சொல்லுக்கு உங்கள் பக்கம் தோன்றியது, எத்தனை பேர் சொடுக்கினர் என்ற கணக்கு அதில் உண்டு. மிக அரிதான தேடல்களை அது மறைத்துவிடும். பலமுறை தோன்றியும் எவரும் சொடுக்காத சொல் இருந்தால், அதைத் தட்டியவர் தேடிய சரக்கு உங்கள் பக்கத்தின் தலைப்பில் தெரியாதது ஒரு காரணமாக இருக்கலாம். முதலில் தலைப்பைத் திருத்துங்கள்.