கணக்கைக் கொடுங்கள், பெயரைக் கொடுக்காதீர்கள்

சிற்றூர் ஒன்றில் ஒரு சிறிய தொண்டு நிறுவனம் சனிக்கிழமைதோறும் பெண்களுக்குத் தையல் வகுப்பு நடத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். வகுப்பின் கடைசி அரைமணி நேரம் ஒரு வழக்கறிஞர் வந்து சட்ட ஆலோசனை சொல்கிறார். வருகிறவர்களில் பலர் வீட்டு வன்முறைக்கு ஆளானவர்கள். எட்டு வாரம் முடிந்ததும் நிதி கொடுத்த அமைப்பு அறிக்கை கேட்கிறது. எத்தனை பேர் வந்தார்கள், எந்த வயதினர், எந்தப் பின்னணியினர், வந்ததற்கு என்ன அத்தாட்சி?

கேட்பதில் தவறில்லை. பணம் போன இடத்தை அவர்கள் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். ஆனால் அவசரத்தில் பலரும் வருகைப் பதிவேட்டைச் செல்போனில் படமெடுத்து அப்படியே அனுப்பிவிடுகிறார்கள். அந்தத் தாளில் பெயர், கணவர் பெயர், தெரு, தொலைபேசி எண் எல்லாம் இருக்கும். அது எத்தனை கணினிகளுக்குப் போய்ச் சேரும் என்று அனுப்பியவருக்கே தெரியாது. சனிக்கிழமை அந்தப் பெண் எங்கே போகிறாள் என்பது அவளைத் தேடி அலையும் ஒருவனுக்குத் தெரியக் கூடாத செய்தி.

பாதுகாப்பு அறிக்கை எழுதும்போது தொடங்குவதில்லை, முதல் வகுப்பிலேயே தொடங்குகிறது. பெயர், முகவரி, வயது எல்லாம் சேர்க்கைப் படிவத்தில் ஒருமுறை எழுதப்பட்டால் போதும். அப்போதே ஒவ்வொருவருக்கும் ஒரு குறியீட்டு எண் கொடுத்துவிடலாம்: த-01, த-02 என்று. தொலைபேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தையோ பெயரின் முதலெழுத்தையோ குறியீடாக வைத்தால், தெரிந்தவர்கள் எளிதில் கண்டுபிடித்துவிடுவார்கள். எந்த எண் யாருக்கு என்ற பட்டியல் பூட்டிய அலமாரியில் தனியாக இருக்கட்டும். வாராவாரம் சுற்றிவரும் தாளில் குறியீடு மட்டும் இருந்தால், பன்னிரண்டாவதாகக் கையெழுத்துப் போடுகிறவர் தனக்கு மேலே இருக்கும் பதினொரு பேரின் தொலைபேசி எண்ணைப் படிக்கும் நிலையும் வராது.

அடுத்தது எண்ணிக்கை. நம் எடுத்துக்காட்டில் 40 பேர் பதிவு செய்தார்கள். எட்டு வாரங்களில் வந்தவர்கள் 21, 24, 26, 23, 27, 25, 22, 24. கூட்டினால் 192. "192 பெண்கள் பயனடைந்தனர்" என்று எழுதிவிடும் வழக்கம் இருக்கிறது. அது பொய்க்கணக்கு. 192 என்பது வருகைகள். ஒரே பெண் எட்டு வாரமும் வந்திருந்தால் அதில் அவர் எட்டு முறை இருக்கிறார். ஆட்களை எண்ண, எக்செல் தாளில் முதல் பத்தியில் குறியீடு, அடுத்த எட்டுப் பத்திகளில் வாரங்கள், வந்திருந்தால் 1, கடைசிப் பத்தியில் கூட்டுத்தொகை என்று போடலாம். அந்தக் கடைசிப் பத்தி J என்றால்:

```
=COUNTIF(J2:J41,">0")
```

விடை 34. அதாவது 40 பேர் பதிவு செய்து, 34 பேர் ஒருமுறையாவது வந்து, மொத்தம் 192 வருகைகள், வாரத்துக்குச் சராசரி 24 பேர். நான்கு எண்களையும் எழுதுங்கள். வாரவாரியாகக் கூட்டினாலும் ஆள்வாரியாகக் கூட்டினாலும் 192 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஒருவரை விட்டுவிட்டோம், அல்லது ஒருவரை இரண்டு முறை குறித்துவிட்டோம்.

எனக்கு அதிகக் கவலை தருவது பின்னணி விவரம்தான். பெயரை எடுத்துவிட்டால் ஆள் மறைந்துவிடுவார் என்று நினைக்கிறோம். 1990களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம், அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளைப் பெயர் நீக்கி ஆய்வாளர்களுக்குக் கொடுத்தது. அப்போது மாணவியாக இருந்த லட்டான்யா ஸ்வீனி, 20 டாலருக்கு வாக்காளர் பட்டியலை வாங்கி, பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றையும் ஒப்பிட்டு, மாநில ஆளுநர் வில்லியம் வெல்டின் மருத்துவப் பதிவையே எடுத்துக் காட்டினார். 34 பேர் கொண்ட வகுப்புக்கு வாக்காளர் பட்டியல்கூட வேண்டாம், ஊர்ப்பேச்சே போதும்.

வயதுக் கணக்கைப் பாருங்கள்: 18 முதல் 25 வரை 9 பேர், 26 முதல் 35 வரை 14, 36 முதல் 50 வரை 8, ஐம்பதுக்கு மேல் 3. அந்த மூவர் யார் என்று ஊரில் உள்ளவர்களுக்குத் தெரியும். ஐந்துக்குக் குறைவான எண்ணைத் தனியாகக் காட்டாமல் இருப்பது பலரும் பின்பற்றும் நடைமுறை. ஆனால் அந்த இடத்தில் "5-க்குக் குறைவு" என்று போட்டு மற்றதை அப்படியே விட்டால் பயனில்லை. மொத்தம் 34, மற்றவை 31, கழித்தால் மூன்று வந்துவிடும். கடைசி இரண்டு பிரிவையும் சேர்த்து "35-க்கு மேல் 11" என்று கொடுப்பதே சரி. பாலினத்துக்கும் இதே விதி. "பெண்கள் 33, திருநங்கை 1" என்று எழுதினால் அந்த ஒருவரை விரல் நீட்டிக் காட்டியதாகிவிடும். "பெண்களும் திருநங்கையரும் 34" என்று எழுதினால் போதும்.

வயது, சாதிப் பிரிவு, திருமண நிலை ஆகியவற்றை ஒரே அட்டவணையில் குறுக்காகப் போடுவதைத் தவிருங்கள். "26 முதல் 35 வரை, கணவரை இழந்தவர், பழங்குடியினர்: 1" என்பது கிட்டத்தட்ட ஒரு பெயர். சென்ற காலாண்டு அறிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அப்போது கணவரை இழந்தவர்கள் 7, இப்போது 8, இடையில் புதிதாகச் சேர்ந்தவர் ஒரே ஒருவர் என்றால், அவரைப் பற்றிச் சொல்லிவிட்டோம்.

இனி அத்தாட்சி. பதிவேட்டைக் காட்டியே ஆக வேண்டும் என்றால் பெயர்ப் பத்தியை மறைத்து நகலெடுத்து அனுப்புவது வழக்கம். நம் ஊரில் அது போதாது. நம் பெண்களில் ஏராளமானோர் கையெழுத்து என்று தங்கள் பெயரையே தமிழில் தெளிவாக எழுதுகிறார்கள். பெயரை மறைத்துவிட்டுக் கையெழுத்தை விட்டால் எதையும் மறைக்கவில்லை. கைநாட்டு வைத்தவர்களின் ரேகையும் அதே தாளில் இருக்கும். இரண்டு பத்திகளையும் மூடுங்கள்; குறியீடும் தேதியும் நிரம்பிய வரிகளின் எண்ணிக்கையும் தெரிந்தால் போதும்.

மறைக்கும் விதமும் முக்கியம். கறுப்பு மார்க்கரால் அடித்தால் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கும்போது எழுத்து தெரியலாம். கெட்டி அட்டையை வைத்து மூடி ஜெராக்ஸ் எடுத்து, அந்த நகலை அனுப்பலாம். கணினியில் கறுப்புக் கட்டம் போட்ட பிடிஎஃப் இன்னும் ஆபத்து. கட்டத்துக்கு அடியில் எழுத்து இருந்துகொண்டே இருக்கும், தேர்ந்தெடுத்து ஒட்டினால் வெளியே வந்துவிடும். அனுப்புமுன் நீங்களே அப்படிச் செய்து பார்த்துவிடுங்கள். எக்செல் கோப்பில் மறைத்து வைத்த பத்திகளும் இப்படித்தான், ஒரு சொடுக்கில் திரும்பிவிடும். எண்களை மட்டும் புதிய கோப்பில் தட்டி அனுப்புங்கள். வகுப்புப் படம் கேட்டால் கைகளும் தையல் இயந்திரங்களும் தெரியும்படி எடுத்துக் கொடுக்கலாம். செல்போன் படத்துக்குள் இடத்தின் அடையாளமும் பதிந்திருக்கக்கூடும், அதையும் நீக்க வேண்டும்.

இவ்வளவு மறைத்தால் எப்படி நம்புவது என்று நிதி கொடுப்பவர் கேட்கலாம். அதற்கும் வழி உண்டு. ஒவ்வொரு வாரத்தின் எண்ணிக்கையையும் பயிற்சியாளரும் நிறுவனப் பொறுப்பாளரும் அன்றே கையெழுத்திட்டு உறுதிப்படுத்தட்டும். மூலப் பதிவேடு அலுவலகத்திலேயே இருக்கட்டும். சந்தேகம் வந்தால் தணிக்கையாளர் நேரில் வந்து ஏதாவது இரண்டு வாரத் தாள்களை எடுத்து, குறியீட்டுப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, நகல் எடுக்காமல் திரும்பட்டும். கண்மூடித்தனமாக அனுப்பப்படும் நூறு பக்க நகல்களைவிட இது உறுதியான சோதனை, ஏனென்றால் அந்த நகல்களை யாரும் ஒப்பிட்டுப் பார்க்க முடியாது.

எச்ஐவி தொற்று உள்ளவர்களுக்கான கூட்டம் என்றால் 2017-ஆம் ஆண்டுச் சட்டமே, அவர்களின் நிலையை ஒப்புதல் இல்லாமல் வெளியிடுவதைத் தடை செய்கிறது. அங்கே கூட்டத்தின் பெயரே நோயைச் சொல்லிவிடும், ஆகவே வருகைத் தாளின் தலைப்பில்கூட அதை எழுதக் கூடாது.

நிதி ஒப்பந்தத்தில் கையெழுத்திடப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். என்ன அத்தாட்சி வேண்டும், யார் பார்ப்பார்கள், எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதை அன்றே கேட்டு ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். எட்டு வாரம் கழித்து அறிக்கைக்கு நெருக்கும்போது பேரம் பேச நேரம் இருக்காது.