ஆறு மணி நேரத்தில் பாதி

எலும்பு ஸ்கேனுக்கு ஊசியில் ஏற்றும் மருந்தில் டெக்னீஷியம்-99எம் என்ற கதிரியக்கத் தனிமம் இருக்கிறது. அதன் அரை ஆயுள் 6 மணி நேரம். காலை 6 மணிக்கு 100 மில்லிகியூரி இருந்தால், நண்பகல் 12 மணிக்கு 50. மாலை 6 மணிக்குப் பூஜ்யம் ஆகிவிடாது, 25 இருக்கும். ஒவ்வொரு முறையும் மீதியில்தான் பாதி போகிறது.

சரி, 10 மணிக்கு எவ்வளவு? கடந்தது 4 மணி நேரம், அதாவது அரை ஆயுளில் 4/6 பங்கு. எனவே 100 × (1/2)^(4/6), ஏறத்தாழ 63. சீராகக் குறைகிறது என்று எண்ணி நேர்க்கணக்குப் போட்டால் 67 வரும், அது தவறு. தொடக்கத்தில் அணுக்கள் அதிகம் என்பதால் சிதைவும் வேகமாக நடக்கிறது.

இப்போது திருப்பிக் கேட்போம். ஒரு நோயாளிக்கு 20 தேவை; இருப்பு எப்போது அந்த அளவுக்கு இறங்கும்? நேரம் அடுக்கில் உட்கார்ந்திருக்கிறது. அதைக் கீழே இறக்குவது மடக்கைதான். 100-ஐ 20-ஆல் வகுத்தால் 5.

t = 6 × log 5 / log 2 = 6 × 0.699 / 0.301

விடை கிட்டத்தட்ட 13.9 மணி நேரம். இரவு 8 மணிக்குச் சற்று முன்பே 20-ஐத் தொட்டுவிடும். அதன்பின் அந்த நோயாளிக்கு அது போதாது.

இது குப்பியில் இருக்கும் மருந்தின் கணக்கு. உடலுக்குள் சென்றபின் சிறுநீரிலும் வெளியேறுவதால், அங்கே இதைவிட விரைவாகக் குறையும்.