ஓர் அங்குலத்தில் எத்தனை நூல் அடங்கும்?

பெட்ஷீட் உறையின் மூலையில் 'டி.சி.' என்ற எழுத்துகளோடு ஓர் எண் இருக்கும். 180, 210, 300, 400 என்று ஏறி 1000-ஐத் தொடும். எண்ணோடு விலையும் ஏறும். எண் கூடக்கூடத் துணி மிருதுவாகவும் உறுதியாகவும் இருக்கும் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறோம். ஓர் எல்லை வரை அது சரி. அந்த எல்லை, கடைக்காரர் சொல்வதைவிட வெகு முன்னாலேயே வந்துவிடுகிறது.

இந்த எண்ணில் மர்மம் ஒன்றும் இல்லை. துணியில் ஓர் அங்குலச் சதுரத்தை எடுத்துக்கொண்டு, அதில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் எத்தனை, குறுக்கே போகும் ஊடை நூல் எத்தனை என்று எண்ணிக் கூட்டினால் வருவதுதான் அது. கரூர் மாதிரி பெட்ஷீட் நெய்து ஏற்றுமதி செய்யும் ஊர்களில் '40-க்கு 40, 133-க்கு 72' என்று துணியைக் குறிப்பிடுவார்கள். பாவும் ஊடையும் 40-ஆம் நம்பர் நூல். அங்குலத்துக்குப் பாவு 133, ஊடை 72 என்பது அதன் பொருள். 133-ஐயும் 72-ஐயும் கூட்டினால் 205. கடைக்கு வரும்போது இது '200 டி.சி.' ஆகிவிடும். தறிக்காரர் சொன்ன நான்கு எண்களில் இரண்டு ஒன்றாகக் கூட்டப்பட்டு, மற்ற இரண்டும் வழியிலேயே உதிர்ந்துபோகின்றன. உதிர்ந்துபோன அந்த நூல் நம்பர்தான் விஷயத்தின் பாதி.

நூல் நம்பர் என்பது நூலின் மெல்லிமையைச் சொல்வது. பருத்தி நூலில் 840 கெஜம் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் நிற்கிறதோ அதுவே நம்பர். 40 சிட்டம் நின்றால் 40-ஆம் நம்பர்; 60 நின்றால் 60-ஆம் நம்பர். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். ஓர் அங்குலத்தில் அதிக நூலை அடைக்க வேண்டுமானால் மெல்லிய நூலுக்குத்தான் போக வேண்டும், வேறு வழி கிடையாது.

எவ்வளவு அடைக்கலாம் என்பதற்கு நெசவுத் துறையில் பழைய கணக்கு ஒன்று உண்டு. நூல் நம்பரின் வர்க்கமூலத்தை 28-ஆல் பெருக்கினால், இடைவெளியே இல்லாமல் பக்கம் பக்கமாக ஓர் அங்குலத்தில் எத்தனை நூலை வைக்கலாம் என்று தோராயமாகத் தெரியும். 60-ஆம் நம்பர் நூலுக்கு அது 217. ஆனால் துணி என்பது வெறுமே அடுக்கிவைத்த நூல் அல்ல. ஊடை நூல் ஒவ்வொரு பாவு நூலுக்கும் மேலேயும் கீழேயும் நுழைந்து போக இடம் விட வேண்டும். ஒன்றுவிட்டு ஒன்று ஏறி இறங்கும் சாதா நெசவில் அந்த 217-இல் பாதி இடம் இதற்கே போய்விடும். பாவில் சுமார் 108, ஊடையில் சுமார் 108, ஆகமொத்தம் 216. நான்கு நூலைத் தாண்டி ஐந்தாவதில் மட்டும் அமுங்கும் சாட்டின் நெசவில் ஏற்ற இறக்கம் குறைவு. அதனால் ஒவ்வொரு பக்கமும் 155 வரை போகலாம், மொத்தம் 310. பாவை நெருக்கி ஊடையைக் குறைத்து நெய்தால் இதற்கு மேலும் கொஞ்சம் கிடைக்கும். மேலே சொன்ன 205 அப்படி வந்ததுதான். என்றாலும் எண் இந்த அளவுகளைச் சுற்றித்தான் நிற்கும். 60-ஆம் நம்பர் நூலில் நெய்த நல்ல சாட்டின் பெட்ஷீட் 300 என்று விற்கப்படுவது ஏதோ ராசியான எண் என்பதால் அல்ல. அந்த நூல் அவ்வளவுதான் இடம் கொடுக்கும்.

இப்போது 1000-க்கு வருவோம். பாவு 500, ஊடை 500 என்று வைத்துக்கொள்வோம். நுழைந்து போக இடமே விடாமல், நூலோடு நூல் ஒட்டி அடுக்கினாலும் அதற்கு 300-ஆம் நம்பரைத் தாண்டிய நூல் வேண்டும். உயர்ரகப் பருத்தி பெட்ஷீட்டுகளே பெரும்பாலும் 100, 120 நம்பரோடு நின்றுவிடுகின்றன. அப்படியானால் அந்த ஆயிரம் எங்கிருந்து வந்தது?

இரண்டு வழியில் வருகிறது. ஒன்று, புரிகளை எண்ணுவது. இரண்டு மெல்லிய நூலை ஒன்றாக முறுக்கினால் இரு புரி நூல் கிடைக்கும். தறியில் அது ஒரே நூலாகத்தான் ஏறுகிறது. ஒரே நூலாகத்தான் துணியில் கிடக்கிறது. ஆனால் விளம்பரத்துக்காக அதை இரண்டாக எண்ணினால் 250 நூல் கொண்ட துணி 500 ஆகிவிடும். நான்கு புரி என்றால் 1000. நாலு புரிக் கயிற்றை நாலு கயிறு என்று சொல்லி யாரும் விற்பதில்லை, பெட்ஷீட்டில் மட்டும் அது நடந்திருக்கிறது. இரண்டாவது வழி, நவீனத் தறிகளில் ஊடையை ஒவ்வொன்றாக விடாமல் நான்கு, ஆறு, எட்டு என்று கொத்தாக ஒரே வீச்சில் விடுவது. இவை ஒன்றோடொன்று முறுக்கப்படவில்லை, தனித்தனி நூல்தான், ஆகவே தனித்தனியாக எண்ணலாம் என்பது தயாரிப்பாளர் வாதம். என் பார்வையில் அந்த வாதம் பயன்படுத்துகிறவருக்கு உதவாது. கொத்தாகப் போன எட்டு நூலும் ஒரே பாவு நூலுக்கு மேல் ஏறி ஒரே இடத்தில் இறங்குகின்றன. பின்னலின் நெருக்கம் கூடவே இல்லை. கொத்தில் ஒரு நூல் தளர்ந்தால் எளிதில் இழுபடவும் செய்யும்.

அமெரிக்காவில் இது பெரிய சர்ச்சையானது. அங்குள்ள நெசவுத் துறைச் சங்கம் ஒன்று கேட்டதன் பேரில், வணிக நேர்மையைக் கண்காணிக்கும் ஃபெடரல் டிரேட் கமிஷனின் அலுவலர்கள் 2005-இல் தங்கள் கருத்தை எழுதினார்கள். புரிகளைப் பெருக்கி எண்ணைக் கூட்டிக் காட்டுவது வாங்குவோரைத் தவறாக வழிநடத்தக்கூடும். 'நூல் எண்ணிக்கை 300, இரு புரி' என்பது போல இரண்டையும் தனித்தனியாகச் சொல்லலாம் என்பது அதன் சாரம். எத்தனை புரி இருந்தாலும் ஒரு நூலை ஒன்றாகவே எண்ண வேண்டும் என்பதுதான் துணிச் சோதனையில் பின்பற்றும் முறையும். ஆனால் அது கருத்துதான், சட்டம் அல்ல. ஆயிரமும் அதற்கு மேலும் எழுதிய உறைகள் இன்றும் கடையில் இருக்கின்றன.

இரு புரி நூல் என்றாலே மோசம் என்று எண்ணிவிட வேண்டாம். நீள இழைப் பருத்தியில் நூற்று முறுக்கிய இரு புரி நூல் உறுதியானது, சீரானது. சிக்கல், குட்டை இழைப் பஞ்சில் நூற்ற நூலைப் பல புரியாக்கி எண்ணை மட்டும் ஏற்றும்போது வருகிறது. குட்டை இழையில் நுனிகள் அதிகம். தேய்க்கத் தேய்க்க அந்த நுனிகள் வெளியே வந்து சுருண்டு, துணி மேல் சின்னச் சின்ன உருண்டைகளாக நிற்கும். நீள இழையில் நுனிகள் குறைவு என்பதால் அந்தத் தொல்லையும் குறைவு. 1974-இல் கோயம்புத்தூரில் சுஜாதா ரகத்தையும் செயின்ட் வின்சென்ட் ரகத்தையும் கலந்து உருவாக்கிய சுவின் பருத்தி இப்படிப்பட்ட நீள இழைதான். 120-ஆம் நம்பர் வரை நூற்கலாம். அப்படிப்பட்ட பஞ்சில் நெய்த 200, மட்டப் பஞ்சில் நெய்த 600-ஐவிடப் பல ஆண்டு கூடுதலாக உழைக்கும். கடையில் தொட்டுப் பார்க்கும்போது இந்த வித்தியாசம் கைக்குத் தெரியாது. மெழுமெழுப்புக்காகப் பூசிய பூச்சு நாலைந்து சலவையில் போன பிறகுதான் தெரியும்.

நம் ஊர் வெயிலுக்கு இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நூலை நெருக்கி, கனத்தைக் கூட்டிய துணியில் காற்று குறைவாகவே நுழையும். வியர்வை மெதுவாகக் காயும். துவைத்துக் கொடியில் போட்டாலும் அப்படியே. சென்னைப் புழுக்கத்தில் சாதா நெசவில் 200 அல்லது அதைக் கொஞ்சம் தாண்டிய பெட்ஷீட் தரும் சுகம், கனமான சாட்டினில் கிடைக்காது. ஏசி அறைக்கும் ஊட்டிக் குளிருக்கும் சாட்டின் பொருந்தும். மறுபக்கம், 120, 140 என்ற எண்ணில் நூல் தடித்தும் பின்னல் தளர்ந்தும் இருக்கும். கை வைத்தாலே சொரசொரப்பு தெரியும். அந்த அளவில் எண் கூடினால் துணி நிஜமாகவே மேம்படும்.

உறையில் உள்ள எண் உண்மையா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். வெளுத்த நிறமோ ஒரே நிறமோ உள்ள இடத்தில் ஸ்கேலை வைத்து, செல்போன் கேமராவில் நன்றாகப் பெரிதாக்கிப் படமெடுத்து, ஒரு சென்டிமீட்டருக்குள் இரண்டு பக்கமும் நூலை எண்ணுங்கள். ஒரு பக்கம் 52, மறுபக்கம் 28 வந்தால் ஒவ்வொன்றையும் 2.54-ஆல் பெருக்கினால் 132, 71. கூட்டினால் 203, நாம் முதலில் பார்த்த அதே கரூர்த் துணி. பிறகு ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, முறுக்கு இருக்கும் திசைக்கு எதிராகத் திருகுங்கள். வெறும் பஞ்சாகப் பிரிந்தால் ஒற்றை நூல். இரண்டு முழு நூலாகப் பிரிந்தால் இரு புரி. ஊடையை உருவும்போது முறுக்கே இல்லாமல் நாலைந்து நூல் சேர்ந்து வந்தால் அது கொத்து ஊடை.

நூலை எண்ணப் பொறுமையில்லாதவர்களுக்குத் தராசு இருக்கிறது. பருத்திக்கு எடை உண்டு, அதை மறைக்க முடியாது. மொத்த நூல் எண்ணிக்கையை நூல் நம்பரால் வகுத்து 23-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரின் குறைந்தபட்ச எடை கிராமில் வரும். 60-ஆம் நம்பரில் 300 என்றால் 115. நூல் வளைந்து போவதற்கும் சேர்த்தால் 120 கிராம் சொச்சம். 2.3 மீட்டருக்கு 2.5 மீட்டர் இரட்டைக் கட்டில் விரிப்பு ஏறக்குறைய 700 கிராம் இருக்கும். 1000 நூல், முழுப் பருத்தி என்று எழுதியிருந்தால், 120-ஆம் நம்பர் என்றே தாராளமாக வைத்துக்கொண்டாலும் அதே விரிப்பு 1 கிலோ 100 கிராமுக்குக் குறையக் கூடாது. 100-ஆம் நம்பர் என்றால் 1 கிலோ 300-ஐத் தாண்டும். சமையலறைத் தராசில் 800 கிராம் காட்டினால் எண் பொய்யாக இருக்கலாம், அல்லது 'முழுப் பருத்தி' என்பது பொய்யாக இருக்கலாம். மிக மெல்லிய பாலியஸ்டர் இழையை ஊடையில் கொத்தாக விட்டு எண்ணை ஏற்றுவதும் உண்டு. சந்தேகம் வந்தால் உருவிய நூலைக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி, காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் உருகி, விரலால் நசுக்க முடியாத கெட்டி மணியாக நிற்கும்.

அடுத்த முறை கடையில் டி.சி. என்ன என்று கேட்பதோடு நிறுத்தாமல், நூல் என்ன நம்பர், ஒற்றையா இரு புரியா, சாதா நெசவா சாட்டினா என்றும் கேட்டுப் பாருங்கள். நெசவிலிருந்து நேரடியாகச் சரக்கு எடுக்கும் கடைக்காரருக்கு இதற்குப் பதில் தெரிந்திருக்கும். அவருடைய கொள்முதல் பில்லில் இந்த விவரம்தான் எழுதியிருக்கும்.