ஒரு லோரியில் எத்தனை தேங்காய்?

தைப்பூசத்திற்கு முந்தைய வாரம். நிபோங் திபால் பக்கம் பைராம் தோட்டத்தில் ஒரு லோரி வந்து நின்றது. அதில் பிளாஸ்டிக் பெட்டிகள் நிறைய உரித்த தேங்காய்கள். பினாங்கில் வெள்ளி ரதம் லெபோ பினாங்கிலிருந்து தண்ணீர்மலைக்குப் புறப்படும்போது வழியெங்கும் தேங்காய் உடைப்பார்கள் அல்லவா? அதற்காக எங்கள் பக்கத்து இளைஞர்கள் சிலர் பணம் திரட்டி வாங்கியவை அவை.

"மொத்தம் 3,000 காய்" என்றார் வியாபாரி. பெட்டிக்கு 50 காய், 60 பெட்டி, பெட்டி 100 ரிங்கிட். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால், காய்களைப் பங்கு பிரித்தபோது 2,300கூடத் தேறவில்லை. மறுநாள் அந்த இளைஞர்களில் ஒருவரின் தங்கை, என் படிவம் 2 மாணவி, வகுப்பில் கேட்டார்: "சார், 700 காய் எங்கே போச்சு?"

ஒவ்வொரு காயாக எண்ணாமலே இதைக் கண்டுபிடிக்க முடியுமா? முயன்று பார்த்தோம்.

முதலில் பெட்டிகள்

லோரியின் தட்டு உள்ளளவில் 305 செ.மீ. நீளம், 168 செ.மீ. அகலம். பெட்டியின் வெளியளவு 60 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம். பெட்டியின் நீளப்பக்கம் லோரியின் நீளத்தோடு போகும்படி வைத்தால், நீளவாக்கில் 5 பெட்டி, அகலவாக்கில் 4 பெட்டி. ஓர் அடுக்கில் 20. அதே பெட்டிகளைத் திருப்பி வைத்தால், நீளவாக்கில் 7, அகலவாக்கில் 2. ஓர் அடுக்கில் 14தான். பரப்பளவைப் பரப்பளவால் வகுத்தால் 21 வரும். ஆனால், பெட்டியை வெட்டி இடுக்கில் செருக முடியாது. எனவே ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாக வகுத்து, மீதியை விட்டுவிட வேண்டும்.

எத்தனை அடுக்கு? உயரத்தை மட்டும் பார்த்தால் ஐந்து அடுக்கு வைக்கலாம் போலத் தோன்றும். ஆனால், லோரியின் கதவைப் பாருங்கள். சுமை இல்லாத எடை, சுமையோடு சேர்ந்த எடை என இரண்டு எண்கள் எழுதியிருக்கும். இந்த லோரியில் அவை 2,000 கிலோ, 3,500 கிலோ. ஆக, ஏற்றக்கூடியது 1,500 கிலோ. காய்களோடு ஒரு பெட்டியின் எடை ஏறக்குறைய 25 கிலோ. 1,500ஐ 25ஆல் வகுத்தால் 60 பெட்டி, அதாவது மூன்று அடுக்கு. மேலே இடம் காலியாக இருந்தாலும் நான்காவது அடுக்கு ஏற்றக் கூடாது. பஞ்சு மூட்டை ஏற்றும் லோரியில் இடம் முதலில் தீரும். தேங்காய் லோரியில் எடை முதலில் தீர்ந்துவிடும்.

ஆகவே பெட்டிக் கணக்கில் தவறில்லை. தவறு பெட்டிக்குள் இருக்க வேண்டும்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

ஒரு நூலைக் காயின் இடுப்பில் சுற்றி அளந்தோம். சுற்றளவு 34.5 செ.மீ. அதை 3.14ஆல் வகுத்தால் விட்டம் 11 செ.மீ. காயை உருண்டை என்று வைத்துக்கொண்டால் அதன் கன அளவு சுமார் 697 கன செ.மீ. பெட்டியின் உள்ளளவு 55 × 36 × 28 = 55,440 கன செ.மீ. இதை அதால் வகுத்த ஒரு மாணவர், "79 காய் பிடிக்கும் சார்" என்றார்.

பிடிக்காது. உருண்டைகளுக்கு இடையே காற்று இருக்கிறது. ஒரே அளவு உருண்டைகளை எவ்வளவு நெருக்கமாக அடுக்கினாலும் இடத்தில் 74 விழுக்காட்டிற்கு மேல் நிரப்ப முடியாது என்று கெப்ளர் 1611இல் ஊகித்தார். பழக்கடையில் ஆரஞ்சுகளைக் குவித்து வைக்கிறார்களே, அந்த அடுக்குதான் அது. அதற்கான நிறுவலைத் தாமஸ் ஹேல்ஸ் 1998இல்தான் அறிவித்தார். அடுக்காமல் கொட்டிக் குலுக்கினால், பெரிய கலத்தில் சுமார் 64 விழுக்காடு நிரம்பும். 79இல் 64 விழுக்காடு என்றால் 50 காய்!

வியாபாரி சொன்ன 50 இதுதானோ என்று நினைத்தோம். ஆனால் பெட்டியை எண்ணியபோது 50 இல்லை. மேல், நடு, கீழ் அடுக்குகளிலிருந்து ஐந்து பெட்டிகளை எடுத்து எண்ணியிருந்தார்கள்: 36, 39, 38, 40, 37. கூட்டினால் 190, சராசரி 38. நிரம்பிய அளவு 48 விழுக்காடுதான்.

ஏன் இவ்வளவு குறைவு? சுவர்தான் காரணம். 64 என்பது காயைவிடப் பன்மடங்கு பெரிய கலத்திற்கான எண். நம் பெட்டியின் அகலத்தில் மூன்று காய்தான் நிற்கும். தட்டையான சுவரை ஒட்டி நிற்கும் உருண்டைக்குப் பின்னால் மூலைகளில் வெற்றிடம் விழுகிறது. அந்த வெற்றிடத்திற்குள் இன்னொரு காய் நுழையாது. அதே பெட்டியில் கோலிக்குண்டுகளைக் கொட்டினால் 64க்கு அருகில் வரும். எனவே காய் பெரிதாகவும் பெட்டி சிறிதாகவும் இருக்கும்போது சூத்திரத்தை மட்டும் நம்பாமல் சில பெட்டிகளை எண்ணிவிட வேண்டும்.

38 × 60 = 2,280. குறைந்தது 720 காய்.

அப்படியானால் வியாபாரி ஏமாற்றினாரா?

அவசரப்பட வேண்டாம். அந்த இளைஞர்கள் அவரிடமே போய்க் கேட்டார்கள். அவர் பல ஆண்டுகளாகப் பெட்டிக்கு 50 என்றுதான் விற்கிறாராம். பழைய சரக்கின் காய் ஒன்றை எடுத்துக் காட்டினார். அதன் விட்டம் 10 செ.மீ.

ஒரு செண்டிமீட்டர்தானே வித்தியாசம்? ஆனால் கன அளவு விட்டத்தின் மும்மடியாக மாறும். 1.1 × 1.1 × 1.1 = 1.33. பெரிய காய் ஒன்று, சிறிய காய் ஒன்றேகால் காய்க்கும் மேலான இடத்தைப் பிடிக்கிறது. 38ஐ 1.33ஆல் பெருக்கிப் பாருங்கள்: 50! அவர் சொன்ன எண் பழைய காய்க்குச் சரி, புதிய காய்க்குத் தவறு.

எடை போட்டுப் பார்த்தால் தெரிந்திருக்காதா? தெரியாது. பெரிய காய் 600 கிராம். 38 காய் 22.8 கிலோ. சிறிய காய் 450 கிராம். 50 காய் 22.5 கிலோ. தராசுக்கு இரண்டும் ஒன்றுதான். கறிக்குப் பால் பிழிபவருக்கு நட்டமில்லை. ஆனால் ஆளுக்கொரு காய் கொடுக்க நினைத்தவர்களுக்கு 720 பேருக்குக் காய் இல்லாமல் போனது. எடைக்கு வாங்குகிறோமா, எண்ணிக்கைக்கு வாங்குகிறோமா என்பதை முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

எங்கே தவறு அதிகம்?

பெட்டிக்கு ஒரு காய் தவறாக மதிப்பிட்டால் மொத்தத்தில் 60 காய் மாறும். ஆனால், லோரியில் குறுக்கு வரிசை ஒன்று குறைவதைக் கவனிக்காமல் விட்டால் 4 × 3 = 12 பெட்டி, அதாவது 456 காய் போய்விடும். ஆகவே முதலில் வரிசைகளைச் சரியாக எண்ணுங்கள். நடுவில் காலியிடம் இருக்கிறதா என்று மேலே ஏறிப் பாருங்கள்; வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

தைப்பூசத்தில் உடைபடும் தேங்காய்களைக் குறைக்கும்படி பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் பல முறை கேட்டுக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றிய பேச்சில் லட்சம் என்ற சொல் எளிதாக வந்து விழும். இனி நீங்களே சரிபார்க்கலாம். ஒரு லட்சம் காய் என்றால் இத்தகைய லோரிகள் 44 வேண்டும்.

செய்து பாருங்கள்: வீட்டில் ஒரு பெட்டியில் மாம்பழங்களை நிரப்பி எண்ணுங்கள். மாம்பழம் உருண்டையல்ல, நீள்வட்டம். எனவே அதன் கன அளவைச் சூத்திரத்தால் கணக்கிடாமல், நீர் நிரம்பிய பாத்திரத்தில் முழுக அமிழ்த்தி, வழியும் நீரை அளந்து கண்டுபிடியுங்கள். பெட்டியில் எத்தனை விழுக்காடு நிரம்பியது? 48ஐவிடக் கூடுதலா, குறைவா? காரணத்தையும் எழுதுங்கள்.