ஒரே சேமிப்பகம், தனித்தனி வட்டுகள்: ஃபைபர் சேனலில் இரண்டு பூட்டுகள்

சர்வரின் பெட்டிக்குள் இருக்கும் வட்டு அந்தச் சர்வருக்கு மட்டுமே சொந்தம். ஃபைபர் சேனல் சான் வலையமைப்பில் நிலைமை வேறு. பல சர்வர்களின் வட்டுகள் எல்லாம் ஒரே சேமிப்பகப் பெட்டியில் இருக்கும். சுவிட்ச் வழியாக ஒவ்வொரு சர்வரும் அதை அடையும். அந்தப் பெட்டி தன் மொத்த இடத்தைப் பங்கு பிரித்துத் தரும் ஒவ்வொரு துண்டுக்கும் 'லன்' என்று பெயர். சர்வரின் கண்ணுக்கு ஒரு லன் என்பது முழு வட்டுதான். இன்னொரு சர்வரின் லன் கண்ணில் பட்டாலும், அது பிறருடையது என்று தெரிந்துகொள்ள அதற்கு வழியில்லை.

இதனால் வரும் கேட்டை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். ஒரு நிறுவனத்தில் கணக்குத் தரவுத்தளம் லினக்ஸ் சர்வரில் ஓடுகிறது. கோப்புகளுக்கு ஒரு விண்டோஸ் சர்வர் இருக்கிறது. லினக்ஸ் தன் லன்னைப் பகிர்வுகளாகப் பிரிக்காமல், முழு வட்டையும் எல்விஎம் முறையில் பயன்படுத்துகிறது. எல்விஎம் தன் அடையாளத்தை வழக்கமாக வட்டின் இரண்டாவது செக்டாரில் எழுதி வைக்கும். அந்த லன் விண்டோஸுக்கும் தெரிந்துவிட்டால், தனக்குப் பழக்கமான பகிர்வு அட்டவணை இல்லாததால், 'தயார் செய்யப்படாத புதிய வட்டு' என்றே விண்டோஸ் அதைக் காட்டும். நிர்வாகி நம்பி ஒப்புதல் தந்தால், விண்டோஸ் ஜிபிடி அட்டவணையை எழுதும். ஜிபிடியின் தலைப்பு அமரும் இடமும் அதே இரண்டாவது செக்டார்தான். எல்விஎம் அடையாளம் அழிந்துவிடும். ஆனால் லினக்ஸ் உடனே நின்றுவிடாது. வட்டின் வரைபடம் ஏற்கெனவே அதன் நினைவகத்தில் இருக்கிறது. பல வாரம் கழித்துச் சர்வரை மறுதொடக்கம் செய்யும்போதுதான் வட்டைக் காணவில்லை என்பது தெரியவரும்.

இதைத் தடுக்கும் முதல் பூட்டு ஸோனிங். இது சுவிட்சில் போடப்படுவது. ஒவ்வொரு ஃபைபர் சேனல் முனைக்கும் 16 பதின்அறும இலக்கங்களால் ஆன உலகளாவிய எண் உண்டு. சர்வர் வலையமைப்பில் நுழைந்ததும், சுவிட்சில் உள்ள பெயர்ச் சேவையிடம் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்கும். தன்னுடன் ஒரே ஸோனில் உள்ள முனைகளின் பெயர்கள் மட்டுமே பதிலாக வரும். இன்றைய சுவிட்சுகள் இத்தோடு நிற்பதில்லை. முகவரியை எப்படியோ தெரிந்துகொண்டு அனுப்பப்படும் சட்டகங்களையும் வன்பொருள் மட்டத்திலேயே தடுக்கின்றன. ஒரு ஸோனில் ஒரே ஒரு சர்வர் முனையும், அது பேச வேண்டிய சேமிப்பக முனையும் மட்டும் இருப்பது நல்ல வழக்கம். ப்ரோகேட் சுவிட்சில் அதை இப்படி அமைக்கலாம்:

```
zonecreate "z_acc", "10:00:00:00:c9:2a:4b:01; 50:06:01:60:3b:20:11:a0"
cfgadd "cfg_prod", "z_acc"
cfgenable "cfg_prod"
```

முதல் எண் கணக்குச் சர்வருடையது, இரண்டாவது சேமிப்பகத்துடையது. விண்டோஸ் சர்வருக்குத் தனி ஸோன். இப்படிப் பிரிப்பதால் சர்வர்கள் ஒன்றையொன்று காணா. ஒரு சர்வர் மறுதொடக்கமாகும்போது எழும் மாற்ற அறிவிப்புகளும் மற்றொன்றைத் தொல்லை செய்யா.

ஆனால் சேமிப்பகத்தின் முனைகள் சிலவே. அதே முனை இரண்டு சர்வர்களின் ஸோன்களிலும் இடம்பெறும். அந்த முனைக்குப் பின்னால் இரண்டு பேருடைய லன்களும் இருக்கின்றன. ஸோனிங்குக்கு முனைகள் மட்டுமே தெரியும், லன்கள் தெரியா. இங்கேதான் இரண்டாவது பூட்டான லன் மாஸ்கிங் தேவைப்படுகிறது. இது பெரும்பாலும் சேமிப்பகத்திலேயே போடப்படுவது. எந்தச் சர்வர் எண்ணுக்கு எந்த லன் என்ற பட்டியல் அதனிடம் இருக்கும். 'என்னென்ன லன்கள் உள்ளன?' என்று சர்வர் கேட்கும்போது, அதற்கு உரியவற்றை மட்டுமே அது சொல்லும்.

வட்டு தெரியவில்லை என்றால் எந்தப் பூட்டில் பிழை என்பதை எளிதாகக் கண்டறியலாம். சேமிப்பகத்தின் திரையில் அந்தச் சர்வரின் எண் உள்நுழைந்ததாகவே காட்டப்படாவிட்டால், கம்பி இணைப்பும் சரியாக இருக்கும்போது, பிழை ஸோனிங்கில். உள்நுழைந்தும் வட்டு வரவில்லை என்றால் மாஸ்கிங்கைப் பார்க்க வேண்டும். சர்வரின் ஃபைபர் அட்டையை மாற்றும்போது அதன் எண்ணும் மாறும். அப்போது இரண்டு இடத்திலும் புதிய எண்ணைப் பதிய வேண்டும்.

இரண்டு பூட்டுகளும் சர்வர் சொல்லும் எண்ணை நம்பியே இயங்குகின்றன. வேண்டுமென்றே பொய்யான எண்ணைக் காட்டுபவரை இவை முழுதும் தடுக்கா. ஒரு லன்னைப் பல சர்வர்கள் சேர்ந்து பயன்படுத்த வேண்டிய கிளஸ்டர்களில் மாஸ்கிங் அந்தச் சர்வர்கள் எல்லாவற்றுக்கும் திறந்துவிடப்படும். அங்கே யார் எப்போது எழுதலாம் என்பதை ஒழுங்குபடுத்துவது கிளஸ்டருக்கென்றே அமைந்த கோப்பு முறையின் பொறுப்பு.