மீனும் முட்டையும் தின்றும் பி12 சேராத உடம்பு

1920களின் கடைசியில், பாஸ்டன் நகர மருத்துவமனையில் வில்லியம் காஸில் என்ற இளம் மருத்துவர் காலையில் ஏறத்தாழ 300 கிராம் மாட்டிறைச்சியை அரைவேக்காட்டில் சாப்பிடுவார். ஒரு மணி நேரம் கழித்து, வயிற்றில் இருப்பதையெல்லாம் தானே வாந்தியாக வெளியே எடுப்பார். அது கூழாகும்வரை இளஞ்சூட்டில் வைத்திருந்து, வடிகட்டி, குழாய் வழியாக நோயாளியின் வயிற்றுக்குள் செலுத்துவார். கேட்கவே குமட்டுகிறது. ஆனால் பெர்னீசியஸ் அனீமியா என்ற நோயின் மர்மம் இந்தச் சோதனையில்தான் அவிழ்ந்தது.

அதுவரை அந்த ரத்தசோகை வந்தவர்கள் சில ஆண்டுகளில் இறந்துபோனார்கள். 1926இல் ஜார்ஜ் மைனாட், வில்லியம் மர்ஃபி என்ற இரு மருத்துவர்கள், தினமும் ஏறக்குறைய கால் கிலோ ஈரலைச் சாப்பிட வைத்தால் நோயாளி பிழைத்துக்கொள்கிறார் என்று காட்டினார்கள். காஸில் வேறொரு கேள்வி கேட்டார். நாமெல்லாம் தினமும் கால் கிலோ ஈரல் தின்பதில்லையே, நமக்கு ஏன் இந்த நோய் வருவதில்லை? நம் வயிறு செய்கிற எந்த வேலையை நோயாளியின் வயிறு செய்யாமல் விடுகிறது?

முதலில் நோயாளிகளுக்கு வெறும் இறைச்சியைப் பத்து நாள் கொடுத்துப் பார்த்தார். ரத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஆரோக்கியமானவரின் வயிற்றுச் சாற்றை மட்டும் கொடுத்தார். அதற்கும் பலன் இல்லை. தன் வயிற்றில் ஊறிய இறைச்சியைக் கொடுத்தபோது, ஒரு வாரத்துக்குள் ரத்தத்தில் புதிய சிவப்பணுக்கள் பெருகின. உணவில் ஒரு பொருளும் வயிற்றுச் சாற்றில் ஒரு பொருளும் ஒன்றுசேர வேண்டும் என்பது அவருக்குத் தெளிவானது. உணவில் இருந்தது விட்டமின் பி12. அதைத் தனியே பிரித்தெடுக்க 1948 வரை ஆயிற்று. வயிற்றில் சுரப்பது ‘இன்ட்ரின்சிக் ஃபேக்டர்’ என்ற புரதம். தமிழில் உள்காரணி எனலாம்.

சாப்பாட்டில் உள்ள பி12 புரதங்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும். வயிற்று அமிலமும் நொதியும் அதைப் பிரித்தெடுக்கின்றன. பிரிந்த பி12ஐ உமிழ்நீரிலிருந்து வந்த ஒரு புரதம் பிடித்துக்கொண்டு சிறுகுடல் வரை கொண்டுபோகிறது. அங்கே கணையச் சாறு அந்தப் பிடியை விடுவிக்க, பி12 உள்காரணியோடு சேர்கிறது. இந்த ஜோடி பல மீட்டர் குடலைக் கடந்து, சிறுகுடலின் கடைசிப் பகுதிக்குப் போய்ச் சேர வேண்டும். அங்குள்ள செல்கள் இந்த ஜோடியைத்தான் அடையாளம் கண்டு உள்ளே இழுக்கின்றன. பி12 தனியாக வந்தால் அவை கண்டுகொள்வதில்லை.

பெர்னீசியஸ் அனீமியாவில், கிருமிகளை எதிர்க்க வேண்டிய நோய் எதிர்ப்பு அமைப்பு இரண்டு இடங்களில் திசைமாறி அடிக்கிறது. முதல் அடி, அமிலத்தையும் உள்காரணியையும் சேர்த்தே சுரக்கும் வயிற்றுச் சுவர் செல்களுக்கு. அவை ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன. இரண்டாவது அடி, எஞ்சிய செல்கள் சுரக்கும் சிறிதளவு உள்காரணிக்கு. அதற்கு எதிரான ஆன்டிபாடிகளில் ஒரு வகை, பி12 வந்து ஒட்டும் இடத்தையே அடைத்துவிடுகிறது. இன்னொரு வகை, பி12 சேர்ந்த பிறகும் அந்த ஜோடி குடல் செல்லைப் பற்றவிடாமல் தடுக்கிறது.

இதன் விளைவைக் கணக்காகப் பார்த்தால் நன்றாகப் புரியும். ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவையான பி12 இரண்டரை மைக்ரோகிராமுக்கும் குறைவு. நூறு கிராம் மத்தி மீனில் சுமார் 8 மைக்ரோகிராம் இருக்கிறது. உள்காரணி இருப்பவருக்கு அந்த ஒரு வேளையிலேயே ஒன்றரை, இரண்டு மைக்ரோகிராம் சேர்ந்துவிடும். உள்காரணி இல்லாமல் குடற்சுவர் வழியே தானாகக் கசிந்து உள்ளே போவது நூற்றில் ஒரு பங்குதான். அதாவது 0.08 மைக்ரோகிராம். தினமும் மீன் தின்றாலும் பற்றாது. போதாததற்கு, ஈரல் தன் சேமிப்பிலிருந்து பித்தநீர் வழியாகக் குடலுக்குள் விடும் பி12ஐத் திரும்பப் பிடிக்கவும் உள்காரணி வேண்டும். அதுவும் மலத்தோடு போய்விடுகிறது. உணவில் பி12 இல்லாதவரைவிட இவர்களின் சேமிப்பு விரைவில் தீர்வதற்கு இதுதான் காரணம்.

நம் ஊரில் பி12 குறைவு என்றதும் ‘சைவமா?’ என்றுதான் கேட்கிறோம். பெரும்பாலும் அது சரியான கேள்வியே. ஆனால் ‘இல்லை, எல்லாம் சாப்பிடுவேன்’ என்று பதில் வந்ததும் விசாரணையை முடித்துக்கொள்வதுதான் ஆபத்து.

மருத்துவர்கள் பார்க்கும் வகையில் ஒரு நோயாளியைக் கற்பனை செய்துகொள்வோம். ஐம்பத்தைந்து வயதுப் பெண். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறார். உடம்பு தன்னையே தாக்கும் தைராய்டு நோய் உள்ளவர்களுக்கு இந்த ரத்தசோகையும் வரும் வாய்ப்பு அதிகம். வாரத்தில் நான்கு நாள் வீட்டில் மீன் குழம்பு. சில மாதங்களாக அசதி. நாக்கு வழவழவென்று சிவந்து, காரம் பட்டால் எரிகிறது. இரண்டு பாதங்களிலும் மதமதப்பு. முகம் கழுவக் கண்ணை மூடினால் தள்ளாடுகிறது. ஹீமோகுளோபின் 8 என்று வந்ததும், இரும்பும் ஃபோலிக் அமிலமும் கலந்த மாத்திரை தருகிறார்கள். இரண்டு மாதத்தில் 10 ஆகிறது. எல்லோருக்கும் நிம்மதி. கால் மதமதப்பு மட்டும் முழங்கால் வரை ஏறிவிடுகிறது.

ஃபோலிக் அமிலம் ரத்த அணு உற்பத்தியை ஓரளவு தூக்கி நிறுத்தும். நரம்புகளின் உறையைப் பாதுகாக்க வேண்டிய பி12இன் வேலையை அதனால் செய்ய முடியாது. ரத்த அறிக்கை அழகாகிக்கொண்டே வரும்போது தண்டுவடம் கெட்டுக்கொண்டே போகும். இந்தப் பெண்ணின் அறிக்கையில் ஆரம்பத்திலேயே ஒரு தடயம் இருந்திருக்கும்: சிவப்பணுவின் சராசரி அளவான எம்சிவி 100ஐத் தாண்டியிருக்கும். இரும்புச்சத்துக் குறைவும் சேர்ந்திருந்தால் அந்தத் தடயமும் மறைந்துபோகலாம். ஏனென்றால் இரும்புக் குறைவு அணுவைச் சிறிதாக்கும். இரண்டும் சேர்ந்தால் சராசரி இயல்பாகத் தெரியும்.

அடுத்து பி12 அளவையும் உள்காரணி ஆன்டிபாடியையும் பார்க்க வேண்டும். ஊசி போடுவதற்கு முன்பே ரத்தம் எடுத்துவிடுவது நல்லது. பின்னால் எடுத்தால் முடிவுகள் குழப்பும். ஆன்டிபாடி இருக்கிறது என்று வந்தால் நோய் அநேகமாக உறுதி. இல்லை என்று வந்தால், நோய் இல்லை என்று பொருளல்ல. ஏறத்தாழ பாதி நோயாளிகளிடம் அது பரிசோதனையில் சிக்குவதில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. பல ஆய்வகக் கருவிகள் ரத்தத்திலுள்ள பி12ஐப் பிடிக்க உள்காரணியையே பயன்படுத்துகின்றன. நோயாளியின் ஆன்டிபாடி அந்த உள்காரணியையும் தடுத்துவிட்டால், உண்மையில் குறைவாக இருக்கும் பி12 இயல்பான அளவாகக் காட்டப்படலாம். அறிகுறிகள் ஒன்று சொல்ல, அறிக்கை வேறொன்று சொன்னால், மீத்தைல்மலோனிக் அமிலத்தை அளக்கலாம். செல்களுக்கு பி12 போதாதபோது அது ரத்தத்தில் உயரும்.

சிகிச்சை, குடலைத் தவிர்த்துத் தசையில் போடும் ஊசி. ஒரு முறைக்கு 1000 மைக்ரோகிராம். முதலில் அடுத்தடுத்து, பிறகு மாதம் ஒன்றோ, மருந்தின் வகையைப் பொறுத்து இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒன்றோ. தினமும் 1000 மைக்ரோகிராம் மாத்திரையும் பலருக்குப் பலன் தருகிறது: நூற்றில் ஒரு பங்கு கசிந்தாலே 10 மைக்ரோகிராம், தேவையைவிட அதிகம். நரம்புப் பாதிப்பு இருந்தால் ஊசியில் தொடங்குவதே வழக்கம்.

ஒரு வாரத்தில் புதிய சிவப்பணுக்கள் கூடும், சுமார் இரண்டு மாதத்தில் ஹீமோகுளோபின் சீராகும். நரம்பு மெதுவாகத்தான் தேறும். நீண்ட நாள் கவனிக்காமல் விட்ட பாதிப்பு முழுதாக நீங்காமலும் போகலாம். ரத்தம் சரியாகிவிட்டதே என்று ஊசியை நிறுத்துபவர்கள் உண்டு. வயிற்றின் அந்தச் செல்கள் திரும்பி வளர்வதில்லை, ஆன்டிபாடியும் போவதில்லை. எனவே ஆயுள் முழுக்கத் தொடர வேண்டும். நிறுத்தியவருக்கு உடனே ஒன்றும் ஆகாது, ஏனென்றால் ஊசிகள் ஈரலில் சேர்த்து வைத்த இருப்பு மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் ஓடும். அது தீரும்போது ஹீமோகுளோபின் குறையுமுன்பே பாதம் மீண்டும் மதமதக்கத் தொடங்கலாம்.