தொழிலும் தேகமும் – 9: நிற்பதே உத்தியோகம்

பெங்களூர் சிக்பேட்டையின் பழைய பட்டுக்கடைகளில், வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையின்மேல் விற்பவரும் வாங்குபவரும் எதிரெதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து புடைவையை விரித்துப் பார்க்கும் சம்பிரதாயம் இன்னும் முழுவதும் மறைந்துவிடவில்லை. ஆனால் கண்ணாடி முகப்பும் பளிங்குத் தரையுமாக எழுந்துள்ள புதுக் கடைகளிலோ, ஒரு வாடிக்கைக்காரரும் வராத நடுப்பகலிலும் விற்பனைப் பெண் நின்றுகொண்டிருப்பதே மரியாதையின் லக்ஷணம் என்று கருதப்படுகிறது. யாருக்கு மரியாதை என்று கேட்டால் யஜமானரே சற்றுத் தயங்குவார்.

இங்கிலாந்தில் 1899-இலேயே, கடையில் வேலைசெய்யும் மூன்று பெண்களுக்கு ஓர் ஆசனமாவது இருக்க வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். நம் பக்கத்தில் அதற்கு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று: கோழிக்கோட்டில் விஜி என்பவர் தொடங்கிய ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பின் நீண்ட கிளர்ச்சிக்குப் பின் கேரளம் 2018-இலும், அதைப் பின்பற்றித் தமிழ்நாடு 2021-இலும், வேலையிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காருவதற்கு ஆசனம் வைக்கும்படி கடைகளுக்கு விதித்தன. கர்நாடகத்தின் 1961-ஆம் ஆண்டுச் சட்டமோ, வேலை நாள் 9 மணி நேரம் என்று வரையறுத்ததோடு நின்று, நாற்காலியைப் பற்றி மௌனம் சாதித்தது.

நிற்பதில் அப்படி என்ன தீங்கு என்றால், இருதயத்துக்கு மேல்நோக்கி ஏற வேண்டிய இரத்தத்தைக் கெண்டைக்கால் தசை ஒவ்வோர் அடிக்கும் பிழிந்து தள்ளுகிறது; சிரைகளுக்குள் இருக்கும் வால்வுகள் அதைத் திரும்பி இறங்காமல் தடுக்கின்றன. அசையாமல் நிற்கும்போது கணுக்காலருகே சிரையின் அழுத்தம் 80 முதல் 90 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்கும். நடக்கத் தொடங்கினால் அது ஏறத்தாழ 30-க்கு இறங்கிவிடும். ஆகவே குற்றவாளி நிற்றல் அன்று, அசையாமை. நாள்தோறும் அந்தப் பாரத்தைத் தாங்கிச் சிரைகள் விரிந்து, வால்வுகளின் இதழ்கள் ஒன்றோடொன்று பொருந்தாமற் போனால், நரம்புச் சுருட்டல் என்று ஊரார் சொல்லும் உபாதை தோன்றுகிறது. பரம்பரையும் பிரசவமும் உடற்பருமனும் அதற்குக் காரணங்களே. எனினும் டென்மார்க்கில் நடந்த ஆராய்ச்சியில், வேலை நேரத்தில் முக்கால் பங்குக்கு மேல் நின்றோ நடந்தோ கழித்தவர்கள் இந்நோய்க்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தது மற்றவர்களைவிட ஆண்களில் ஏறக்குறைய இரு மடங்காகவும் பெண்களில் இரண்டரை மடங்காகவும் இருந்தது.

இனி நாற்காலிக்கு வருவோம். பில் போடும் இடத்தில் மேஜையின் உயரம் சுமார் ஒரு மீட்டர் இருக்க, பக்கத்தில் சாதாரணப் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுவிட்டால் சட்டம் திருப்தியடையலாம், காசாளர் திருப்தியடைய முடியாது. உட்கார்ந்தால் மேஜை மார்பளவுக்கு வருகிறது, முழங்காலை நுழைக்க இடமில்லை, ஆதலால் அந்த நாற்காலியில் விரைவிலேயே கைப்பைகளும் காகிதச் சுருள்களும் குடியேறிவிடுகின்றன. அங்கே வேண்டியது எழுபது சென்டிமீட்டர் அளவு உயர்ந்த முக்காலியும், காலூன்றக் கீழே ஒரு கட்டையும், மேஜைக்கு அடியில் முழங்காலுக்கு இடமுந்தான். ஒரு தச்சரின் அரைநாள் வேலை! நின்றே பில் போடும் நேரத்திலும் அந்தக் கட்டையின்மேல் ஒரு காலை மாற்றி மாற்றி வைத்தால் இடுப்பு நோவு குறையும்.

ரப்பர் விரிப்பைச் சர்வரோக நிவாரணியாக விற்பவர்களும் உண்டு. ஒன்றரை சென்டிமீட்டர் கனமுள்ள விரிப்பு பாதத்தின் வலியையும் அலுப்பையும் தணிப்பது மெய். சிரையின் அழுத்தத்தை அது போக்கிவிடாது. மிதித்தால் கால் அமிழ்ந்துபோகும் அளவு மெத்தென்றிருந்தால் கணுக்கால் தடுமாறும்; ஓரம் சரிவாக வெட்டப்படாவிட்டால் இடறிவிழ ஏதுவாகும்.

அடுக்குமாடி வாயிலில் பல இடங்களில் 12 மணி நேரம் காவல் காப்பவரின் கஷ்டம் பெரும்பாலும் பூட்ஸிலிருந்து தொடங்குகிறது. பொழுது சாயும்போது பாதம் வீங்குமாதலால், காலையில் அளவு பார்த்த பூட்ஸ் மாலையில் இறுக்கும்; மாலையில் அளவு பார்த்து, விரல்கள் அசைய இடம் விட்டு, உள்ளே ஒரு மெத்தடி சேர்த்து வாங்குவதே விவேகம். ஐந்து சென்டிமீட்டருக்கு மேற்பட்ட குதி ஆகாது. முற்றும் தட்டையானதும் நல்லதன்று. சாவடியில் ஆசனம் இல்லாவிட்டாலும், அவ்வப்போது வாயிலருகே நாலு எட்டு நடப்பதும் குதிகாலைத் தூக்கி இறக்குவதும் கெண்டைக்காலை வேலை செய்யவைக்கும்.

வேலை முடிந்து சாக்ஸைக் கழற்றியதும் கணுக்காலுக்கு மேல் பட்டை பதிந்திருக்கிறதா, கட்டைவிரலால் அழுத்தினால் குழி நிற்கிறதா என்று பார்க்கலாம். உட்கணுக்காலுக்கு மேல் தோல் கருத்து அரிப்பெடுத்தால் நோய் முற்றி வருகிறதென்று பொருள். அதைக் கவனியாமல் விட்டால் புண்ணாகி மாதக்கணக்கில் ஆறாது. அழுத்தக் காலுறை வீக்கத்தையும் கனத்தையும் குறைக்கும், கெட்ட வால்வைச் சீராக்காது. பாத இரத்த ஓட்டமே குறைந்தவர்களுக்கு அது தீங்கும் செய்யுமாதலால் வைத்தியரைக் கேட்டே அணிய வேண்டும். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கிக் கெண்டைக்காலில் வலியெடுத்தால், அது இரத்தம் உறைந்த அடையாளமாக இருக்கக்கூடும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.